எயார்டைமுக்கு ஒரு தமிழ்ச் சொல்: கேபிள் மாட்டியதும் வேகம் ஏன் வந்தது?

உவர்மலை, கணினிப் பாட ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம்.

பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு வலையமைப்பு பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல் கிடைக்காமல் பாதியில் நிற்கிறது.

குறிப்பு எங்கள் வீட்டுக் கதையில்தான் தொடங்குகிறது. அண்ணாவின் மகனிடம் 2013இல் வந்த முதல் மாதிரி பிளேஸ்டேசன் 4 இருக்கிறது. வீட்டுக்கு 100 மெகாபிட் பைபர் இணைப்பு. ரவுட்டருக்குப் பக்கத்தில் என் போனை வைத்துப் பார்த்தால் 90 காட்டுகிறது. பின் அறையிலுள்ள கொன்சோலில் `Test Internet Connection` அழுத்தினால் 11. 48 கிகாபைட் விளையாட்டு ஒன்றைத் தரவிறக்கப் பத்து மணித்தியாலத்துக்குக் கிட்டப் போனது. கம்பனிக்காரர் ஏமாற்றுகிறார்கள் என்று வீட்டில் எல்லோரும் ஏசினோம்.

அப்புறம் இருபது மீற்றர் கேபிள் வாங்கி, சுவரோரமாக இழுத்து, கொன்சோலில் மாட்டினோம். அதே இணைப்பு, அதே ரவுட்டர், 93 காட்டியது. அதே அளவு விளையாட்டு எழுபது நிமிடத்தில் இறங்கி முடிந்தது.

வைஃபையில் ஒரு கருவி காற்றில் கதைக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை ஆங்கிலத்தில் எயார்டைம் என்கிறார்கள். இந்தக் குறிப்பின் உயிரே அந்தச் சொல்தான். தமிழில் என்ன சொல்லலாம்? நான் "அலைநேரம்" என்று எழுதி வைத்திருக்கிறேன், மனதுக்கு ஒட்டவில்லை.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள ரீச்சருக்கு,

எயார்டைம் என்பதற்குப் "பேச்சுநேரம்" என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. கடையில் ரீலோட் போடும்போது நமக்குக் கிடைப்பது அதுதானே. புதிதாக ஏன் ஒன்று ஆக்க வேண்டும்? இருப்பதை எடுத்துக்கொள்வதே நல்லது.

உவர்மலை ஆசிரியை:

ஐயா, நீங்கள் சொல்வது போன் கம்பனி காசுக்கு விற்கும் நேரம். நான் கேட்பது வேறு. ஒரு வீட்டில் ஐந்து கருவிகள் ஒரே ரவுட்டரோடு பேசும்போது, ஒவ்வொன்றும் காற்றை எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கிறது என்பது. இதை யாரும் விற்பதில்லை. பேச்சுநேரம் என்று எழுதினால் பிள்ளைகளும் ரீலோட் என்றுதான் நினைப்பார்கள்.

மத்திய வீதி, கேம் கடை எழுதியது:

ரீச்சர், சொல் இருக்கட்டும். உங்களுடைய பிரச்சினை சுவர்தான். ரவுட்டருக்கும் கொன்சோலுக்கும் நடுவில் கொங்கிரீட் இருந்தால் சிக்னல் செத்துவிடும். நடுவில் ஒரு ரிப்பீட்டர் வைத்திருந்தால் இருபது மீற்றர் கேபிள் இழுத்திருக்கத் தேவையில்லை. என்னிடம் வாங்கிப்போன எல்லோருக்கும் சிக்னல் கோடு முழுதாக வந்தது.

மற்றக் கருவிகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வீட்டுக் கமரா இரண்டு மெகாபிட் எடுக்கும். நூறில் இரண்டு போனால் 98 மிச்சம். அதனால் எயார்டைம் என்ற சொல்லே இதற்குத் தேவைப்படாது, "அலைக்கற்றை" போதும்.

பாலையூற்று, வலையமைப்பு வேலை செய்பவர் எழுதியது:

சுவர் பற்றிச் சொன்னது சரி. 98 மிச்சம் என்ற கணக்குத்தான் பிழை. ரீச்சருக்கு அந்தச் சொல் ஏன் தேவை என்பதும் அந்தப் பிழையிலேயே தெரிகிறது.

வைஃபையில் ஒரு சனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கதைக்கலாம். மற்றவர்கள் வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். கிட்ட இருக்கும் கருவி வேகமாகக் கதைத்து முடித்துவிடும். தூரத்தில் சிக்னல் மங்கிய இடத்தில் இருக்கும் கருவி, பிழையில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, மெதுவாகக் கதைக்கும். நாம் சத்தமான இடத்தில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்வதில்லையா, அதேபோல.

ஒரு கமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்புகிறது என்று வைப்போம். ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்து 72 மெகாபிட் வேகத்தில் கதைத்தால், அதற்குத் தேவை ஒவ்வொரு நொடியிலும் 36இல் ஒரு பங்கு. அதே கமரா கேற்றில் இருந்து 6 மெகாபிட் வேகத்தில்தான் கதைக்க முடிகிறது என்றால், ஒவ்வொரு நொடியிலும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடும். அனுப்பிய தரவு அதே 2 மெகாபிட்தான். சேராமல் போனதைத் திரும்ப அனுப்புவதற்கும், கிடைத்தது என்ற பதிலுக்குக் காத்திருப்பதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் அரை நொடிக்கும் போகலாம். மிச்ச நேரத்துக்குள்தான் கொன்சோல் தன் 48 கிகாபைட்டை இறக்க வேண்டும்.

அலைக்கற்றை என்றால் சனல் எவ்வளவு அகலம் என்பது. இங்கே குறைந்தது அகலம் இல்லை, நேரம்.

ரீச்சர், உங்கள் வீட்டில் கேற்றில் கமரா இருக்கிறதா? இருந்தால் கேபிளைக் கழற்றி, கமராவை நிறுத்திவிட்டு, வைஃபையில் ஒரு தடவை அளந்து பாருங்கள்.

ரிப்பீட்டர் பற்றியும் ஒன்று. அதே சனலில் வாங்கி அதே சனலில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர், ஒவ்வொரு துண்டையும் காற்றில் இரண்டு தடவை பேச வைக்கிறது. கோடு முழுதாக வரும், வேகம் பாதியாகும். இரண்டு அலைவரிசையில் வேலை செய்து, ரவுட்டருடன் ஒன்றிலும் கொன்சோலுடன் மற்றதிலும் பேசுவதென்றால் அது வேறு கதை, அதில் பயன் உண்டு.

உவர்மலை ஆசிரியை:

கமரா இருக்கிறது அண்ணா, நீங்கள் சொன்னது போலவே கேற்றில். நிறுத்திவிட்டு அளந்தேன். 11 ஆக இருந்தது 31க்கு ஏறியது. மூன்று தடவை பார்த்தேன், 28க்குக் கீழே போகவில்லை.

ஆனால் 93 வரவில்லையே. மிச்சம் எங்கே போனது?

பாலையூற்று:

அந்த முதல் மாதிரி பிளேஸ்டேசன் 4க்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும். 5 கிகாஹேர்ட்ஸ் 2016இல் வந்த ஸ்லிம், புரோ மாதிரிகளில்தான் சேர்ந்தது. உங்கள் போன் 90 காட்டியது பெரும்பாலும் 5இல் இணைந்ததால்தான். 2.4இல் ஒன்றுடன் ஒன்று மோதாத சனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். பக்கத்து வீட்டு ரவுட்டரும் உங்கள் சனலில் இருந்தால் அவர்களுடைய ரிவியும் உங்கள் நேரத்தில்தான் கதைக்கிறது. நேரம் சனலுக்கு உரியது, வீட்டுக்கு உரியதல்ல. மிச்சத்துக்குக் காரணம் கேம் கடை நண்பர் சொன்ன அந்தச் சுவர்.

கேபிளில் இந்த வரிசையே இல்லை. போகவும் வரவும் தனி வழி இருக்கிறது, யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.

குறிப்பில் இதையும் சேருங்கள்: கேபிள் வாங்கும் முன் ரவுட்டருக்குப் பக்கத்தில் போனை வைத்து அளக்க வேண்டும். அங்கேயும் 11தான் என்றால் இணைப்பே அவ்வளவுதான், கேபிள் ஒன்றும் செய்யாது. கொன்சோலில் விளையாட்டு எதுவும் திறந்திருக்கவும் கூடாது. திறந்திருந்தால் கொன்சோலே தரவிறக்கத்தை மெதுவாக்கிவிடும்.

கிண்ணியாவிலிருந்து:

அண்ணன், எனக்கும் இதே எயார்டைம் பிரச்சினை. 300 மெகாபிட் இணைப்பு. பிளேஸ்டேசன் 5ஐக் கேபிளில் மாட்டியும் 94தான். பகலும் 94, நடுச்சாமமும் 94. வைஃபையில் போட்டால் 200 வருகிறது. கேபிள்தான் வேகம் என்கிறீர்கள், எனக்குத் தலைகீழாக இருக்கிறது.

பாலையூற்று:

தம்பி, உங்களுடையது எயார்டைம் இல்லை. காற்றுப் பிரச்சினை என்றால் எண் ஏறி இறங்கும். அசையாமல் 94 என்றால், இரண்டு முனையும் 100 மெகாபிட்டுக்கு இணங்கிக்கொண்டன என்று அர்த்தம். கிகாபிட்டுக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு சோடிக் கம்பியும் வேண்டும். ஒன்று அறுந்தாலும், முனையில் உப்புக்காற்றுப் பட்டுப் பச்சை பிடித்தாலும், மிச்சத்தை வைத்து 100இல் ஓடலாம். நம் கரையோரத்தில் இது அடிக்கடி நடக்கும். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். மாறவில்லை என்றால் ரவுட்டரைத் திருப்பி அடியில் இருப்பதைப் படியுங்கள்.

கிண்ணியா:

புதுக் கேபிளிலும் 94தான். ரவுட்டரின் அடியில் `LAN 10/100` என்று இருக்கிறது. சரி, ரவுட்டரில் கேபிள் மாட்டும் இடமே 100க்கு மேல் போகாது, விளங்கிவிட்டது. இனி வைஃபையிலேயே விட்டுவிடுகிறேன்.

திருக்கடலூரிலிருந்து:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சொல்லுக்கு ஒரு யோசனை.

அப்பா கரைவலைக்காரர். ஒரே கரையில் இரண்டு வலையை ஒரே நேரத்தில் வளைக்க முடியாது. ஒருவர் வளைத்து, இழுத்துக் கரையேற்றி முடித்த பிறகுதான் அடுத்தவர் தோணி இறங்கும். வலை இழுக்கும் அந்த இடத்தைப் "பாடு" என்போம். எங்கள் வீட்டில் "இன்றைக்கு எங்கள் பாடு" என்றால் இன்றைக்கு எங்கள் முறை என்றுதான் அர்த்தம். ஆள் குறைந்த வலை இழுத்து முடிக்க நேரம் எடுக்கும். மீன் கொஞ்சமாக இருந்தாலும் மற்றவர்கள் காத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

கேற்றில் இருக்கும் கமராவும் அப்படித்தானே. "அலைப்பாடு" என்றால் என்ன?

பாலையூற்று:

எனக்கு இது உடனே பிடித்துவிட்டது. கரை எல்லோருக்கும் பொது, நேரத்தில் ஒருவர் மட்டும், மெதுவானவர் எல்லோரையும் தாமதிக்க வைக்கிறார். மூன்றும் ஒரு சொல்லில் வருகிறது. அலைநேரம் என்றால் எத்தனை மணிக்கு அலை வரும் என்பது போலக் கேட்கிறது.

ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர்:

முதலில் நான் கேள்வியைப் பிழையாக விளங்கிக்கொண்டேன், மன்னிக்கவும். இப்போது விளங்குகிறது.

ஆனாலும் ஒரு தடை உண்டு. கட்டுப்பாடு, செயற்பாடு, வேறுபாடு என்று "பாடு" தமிழில் வெறும் விகுதியாகவே அதிகம் நிற்கிறது. கடற்கரை தெரியாத பிள்ளை அலைப்பாட்டை "அலையின் தன்மை" என்று படிக்கும், முறை என்ற பொருள் அதற்கு எட்டாது. இன்னொன்று, கரைவலையில் பாடு என்பது முதலில் இடத்தின் பெயர். நமக்கு வேண்டியதோ நேரம். வயற்காரர் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். கந்தளாய்ப் பக்கத்துப் பிள்ளைக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் "முறை" ஒரேபோல விளங்கும். "அலைமுறை" எப்படி?

திருக்கடலூர்:

ஐயா, முறை என்றால் எங்களுக்கு வரிசை மட்டும்தான். என் முறை வந்தது, போனது. அதற்குள் நான் எவ்வளவு நேரம் எடுத்தேன் என்பது அதில் இல்லை. ரீச்சருக்கு வேண்டியது அந்த அளவு அல்லவா? "கமரா மூன்றில் ஒரு பங்கு அலைமுறையை எடுத்தது" என்று எழுத முடியுமா?

மத்திய வீதி, கேம் கடை:

கமராவின் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். என்னிடம் இருக்கும் ரிப்பீட்டரில் இரண்டு வகையும் உண்டு. இனிக் கேட்டுக் கொடுக்கிறேன். சொல்லைப் பொறுத்தவரை, வாடிக்கையாளரிடம் நான் எயார்டைம் என்றே சொல்லப்போகிறேன். அலைப்பாடு என்றால் அவர்களுக்கு இரண்டு தடவை விளங்கப்படுத்த வேண்டிவரும்.

உவர்மலை ஆசிரியை:

இரண்டையும் வாக்கியத்தில் வைத்து எழுதிப் பார்த்தேன்.

"கேற்றில் உள்ள கமரா வீட்டின் அலைப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டது. கொன்சோலுக்குக் கேபிள் மாட்டியதும் அதற்கு அலைப்பாடே தேவைப்படவில்லை."

இதில் "அலைமுறை" போட்டால் முதல் வாக்கியம் நிற்கவில்லை. ஐயா சொன்ன விகுதிக் குழப்பம் உண்மைதான், அதனால் கரைவலைக் கதையை முதல் பந்தியிலேயே எழுதிவிட்டேன். கன்னியா, நிலாவெளி, மூதூர் என்று பல பக்கத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். யாருக்கு விளங்குகிறது, யாருக்கு விளங்கவில்லை என்று திங்கட்கிழமை கேட்டுவிட்டு எழுதுகிறேன். அதுவரைக்கும் சொல்லை நமது கலைச்சொல் பட்டியலில் ஏற்ற வேண்டாம்.