உதவி: 12 குடும்பம், பொதுச் சாப்பாடு, செய்தியை எப்படி எழுதுவது?

புதுக்குடித்தனம்: அவசரம். ஞாயிறு மதியம் எங்கள் குடியிருப்பில் 12 குடும்பம் சேர்ந்து சாப்பிடுகிறோம். "ஆளுக்கு ஒரு வகை கொண்டு வாங்க"ன்னு குழுவில் போட்டேன். ஐந்து பேர் இனிப்பு என்கிறார்கள், சோறு யாருமே சொல்லவில்லை. திருத்தி எழுத வேண்டும். எவ்வளவுன்னு போடுவது?

மாடிவீடு: மொத்தம் எத்தனை பேர்? குழந்தைகள் எத்தனை? அசைவம் உண்டா?

அகப்பை: குடும்பக் கணக்கை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு பேரும் ஒரு குடும்பம், ஏழு பேரும் ஒரு குடும்பம். இதைக்கூடச் சொல்லாமல் அளவு கேட்டால் எப்படி? தலையை எண்ணிவிட்டு வாங்க.

நிழல்குடை: இவ்வளவு யோசிக்க வேண்டாம். அவரவர் வீட்டு ஆளுக்குச் செய்வதோடு இன்னும் இரண்டு பேருக்குச் சேர்த்துச் செய்தால் எப்போதும் போதும்.

மாடிவீடு: மொத்தத்துக்கு அது சரியாக வரும், வகைக்கு வராது. நால்வருக்கு அளந்த குழம்பைச் சோறு கொண்டுவந்த வீட்டாரும்தான் ஊற்றிக்கொள்வார்கள். வரிசையில் பத்தாவது ஆளுக்கே சட்டி காலி.

புதுக்குடித்தனம்: பெரியவர்கள் 27, பத்து வயசுக்குள் 14. எல்லாம் சைவம். 12.30க்குச் சாப்பாடு.

மாடிவீடு: குழந்தையை அரை ஆளாக வையுங்கள்: 27 + 7 = 34 பங்கு. முதலில் ஒவ்வொரு வகைக்கும் மொத்தம் போடுங்கள், பிறகு வீடுகளுக்குப் பிரியுங்கள்.

ஒரு பங்குக்கு 100 கிராம் அரிசி. மொத்தம் 3.4 கிலோ, வெந்தால் ஒன்பது கிலோவுக்குக் குறையாது. இதை ஒரே வீட்டில் ஒரே பாத்திரத்தில் வைத்தால் அடி குழையும், மேலே அரிசி நிற்கும். நான்கு வீட்டுக்கு ஆளுக்கு 850 கிராம் கொடுத்தால் வழக்கமான பாத்திரத்திலேயே இரண்டு தடவையில் முடிந்துவிடும்.

குழம்பு பங்குக்கு 150 மில்லி, ஐந்து லிட்டர் சொச்சம். மூன்று வீடு, ஆளுக்கு 1¾ லிட்டர். காய் பங்குக்கு 100 கிராம், அதுவும் மூன்று வீடு, ஆளுக்கு 1.15 கிலோ. இது சமைத்த பிறகு உள்ள எடை என்று செய்தியில் கண்டிப்பாக எழுதுங்கள். கீரை செய்கிறவர் ஒரு கிலோ வாங்கி வதக்கினால் பாதிகூட மிஞ்சாது.

இனிப்பு ஒரு வீடு. தண்ணீர், தட்டு, பரிமாறும் கரண்டி ஒரு வீடு. 4+3+3+1+1, பன்னிரண்டும் முடிந்தது.

வாசல்திண்ணை: எங்கள் பக்கம் 40 குடும்பம். சமையல்காரரை வைத்துக்கொள்ளலாமா? ஒரு ஆளுக்கு எவ்வளவு கேட்பார்கள்?

அகப்பை: அது வேறு கேள்வி, தனி இழை போடுங்கள். மாடிவீட்டின் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. குழந்தைகள் சோற்றில் அரை ஆள், இனிப்பில் முழு ஆள். இனிப்பை எடையில் சொல்லவே கூடாது. 41 பேர், 50 துண்டு என்று எழுதுங்கள்.

மாடிவீடு: சரி, இனிப்புக்கு அதுவே நல்லது.

நிழல்குடை: பத்து வயசுப் பையன் அரை ஆளா? பெரியவரை விட அதிகமாகச் சாப்பிடுவான். ஆறு வயசுக்கு மேல் முழு ஆள்தான்.

அகப்பை: வீட்டில் சாப்பிடுவான். விளையாட ஆள் இருக்கும் இடத்தில் பாதித் தட்டை வைத்துவிட்டு ஓடிவிடுவான்.

நிழல்குடை: எல்லாப் பிள்ளையும் ஓடாது. குறைந்தால் யார் பொறுப்பு?

ஈரவிறகு: பிள்ளைகளை விடுங்கள், நேரம்தான் எனக்குக் கவலை. காலை எட்டுக்கே வடித்த சோறு மூடியபடி வெதுவெதுப்பாகக் கிடந்தால் கெட்டுப்போகும். வேகவைத்தாலும் சாகாத கிருமி வித்துகள் அரிசியில் உண்டு. அந்தச் சூட்டில் அவை பெருகி நஞ்சு விடும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. "சோறு 11.30க்குப் பிறகு இறக்குங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த மிச்சத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம்.

மாடிவீடு: நல்ல வரி. எல்லாம் சேர்த்து இப்படிப் போடலாம்:

"வணக்கம். ஞாயிறு மதியம் 12.30, 12 குடும்பம், 41 பேர், எல்லாம் சைவம்.
சோறு: வீடு 1, 2, 3, 4. வீட்டுக்கு 850 கிராம் அரிசி, 11.30க்குப் பிறகு இறக்கவும்.
குழம்பு: 5, 6, 7. வீட்டுக்கு 1¾ லிட்டர்.
காய்: 8, 9, 10. வீட்டுக்கு, சமைத்த பிறகு 1.15 கிலோ.
இனிப்பு: 11. 50 துண்டு.
தண்ணீர், தட்டு, கரண்டி: 12.
கடலை, முந்திரி, பால் சேர்த்திருந்தால் பாத்திரத்தின் மேல் எழுதி ஒட்டவும். குழம்பும் காயும் என்ன செய்கிறீர்கள் என்று வியாழன் இரவுக்குள் சொல்லவும். வகையை மாற்ற நினைப்பவர்கள் இன்னொரு வீட்டோடு பேசி மாற்றிக்கொண்டு சொல்லவும்."

அந்தக் கடைசி வரியை விடாதீர்கள். ஒருவர் சொல்லாமல் சோற்றிலிருந்து இனிப்புக்குத் தாவினால் எட்டுப் பேருக்கான சோறு குறைந்துவிடும்.

நிழல்குடை: வீட்டு எண் போட்டு வேலை கொடுத்தால் சிலர் முகம் சுளிப்பார்கள். வகைக்கு எத்தனை இடம் என்று மட்டும் போட்டு, அவர்களே பெயர் எழுதட்டும்.

ஈரவிறகு: ஐந்து இனிப்பு வந்ததே அப்படித்தானே? இடம் நிரம்பியதும் மூடுவதற்கு ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் நடக்கும்.

புதுக்குடித்தனம்: போட்டுட்டேன், நன்றி. 3ம் வீடும் 11ம் வீடும் மாற்றிக்கொண்டார்கள். 9 இன்னும் பதில் சொல்லவில்லை.

அகப்பை: 8, 10 இரண்டு வீட்டையும் 1¾ கிலோவுக்குத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.