ஆபீசில் வாங்கிய கைக்கடனுக்கு வரி பிடித்தார்களா? உங்கள் அனுபவம்

பழைய பேருந்து:
2023 அக்டோபர் 10 அன்று தங்கை கல்யாணத்துக்குக் கம்பெனியில் 6 லட்சம் வாங்கினேன். வட்டி கிடையாது. நவம்பர் முதல் மாதக் கடைசியில் 50,000 பிடித்தம். மார்ச் சம்பளம் வெகுவாகக் குறைந்து வந்தது. கட்டாத வட்டியைச் சலுகை என்று சம்பளத்தோடு சேர்த்து வரி பிடித்திருந்தார்கள். கணக்குப் பிரிவில் எக்செல்லைத் திறந்து காட்டினார்கள். 6 லட்சத்துக்கு 12 சதவீதம், ஒரே கட்டத்தில் 72,000. கடன் வாங்காத ஆறு மாதத்துக்கும் சலுகை பெற்றதாக எழுதியிருந்தது. அந்தக் கட்டம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சந்தியா_கோவை:
அந்த வருடம் 20,000 வரைக்கும் விலக்கு இருந்ததே! 72,000இல் அதைக் கழித்தார்களா என்று கேளுங்கள்.

கவுன்டர் நான்கு:
சந்தியா, அந்த 20,000 கடன் தொகைக்கான வரம்பு, சலுகை மதிப்புக்கு அல்ல. எல்லாக் கடனும் சேர்ந்து அதற்குள் இருந்தால்தான் விலக்கு. இவர் வாங்கியது 6 லட்சம்.

தப்பு வேறு இடத்தில். ஒவ்வொரு மாதக் கடைசி நாளிலும் பாக்கி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அக்டோபர் 6 லட்சம், அப்புறம் 5.5, 5, 4.5, 4, மார்ச் 3.5. கூட்டினால் 28.5 லட்சம். 12 சதவீதம் என்றால் மாதத்துக்கு ஒன்று, ஆக 28,500தான். கூடுதலாக ஏற்றியது 43,500. 30 சதவீத வரி வரம்பில் இருந்தால், செஸ் சேர்த்து 13,572 ரூபாய் அதிகமாகப் பிடித்திருக்கிறார்கள்.

அந்த 12ஐயும் சரிபாருங்கள். ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் பேங்க் அதே வகைக் கடனுக்கு வைத்திருந்த வீதம்தான் அந்த ஆண்டு முழுக்க. கல்யாணக் கடனுக்குத் தனிநபர் கடன் வீதம், வீட்டுக்கு வீட்டுக்கடன் வீதம். நாங்கள் வங்கி ஊழியர்கள், வட்டி கட்டுகிறோம், ஆனாலும் இடைவெளிக்கு வரி. எங்கள் வங்கி வெளியாருக்கு என்ன வீதத்தில் கொடுத்தாலும் அளவுகோல் ஸ்டேட் பேங்க்தான். அது அநியாயம் என்று சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 மே மாதம் விதி செல்லும் என்று தீர்ப்பு வந்துவிட்டது. கோர்ட் ஹாலில் இருந்த நண்பர் போனில் “போச்சுப்பா” என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

அம்மன் சன்னதி:
அப்பாவின் புற்றுநோய் சிகிச்சைக்கு நான் 4 லட்சம் வாங்கினேன். வரி போடவில்லை. விதியில் சொல்லியிருக்கும் நோய்களில் அதுவும் ஒன்று. ஆனால் இன்சூரன்ஸில் 1.5 லட்சம் திரும்பி வந்ததும் அந்தப் பகுதிக்கு மட்டும் விலக்கை எடுத்துவிட்டார்கள். பணம் மருத்துவமனைக்கே போய்விட்டது, என் கைக்கு வரவில்லை என்று மன்றாடினேன். கேட்கவில்லை.

பழைய பேருந்து:
கவுன்டர் நான்கு, நன்றி. கம்பெனி கொடுத்த சலுகைக் கணக்கு, ஃபார்ம் 12பிஏவில் 72,000 என்றே இருக்கிறது. ரிட்டர்னில் நானே 28,500 போடலாமா?

கவுன்டர் நான்கு:
முதலில் கம்பெனியைத் திருத்தச் சொல்லுங்கள். ஃபார்ம் 16உடன் பொருந்தாவிட்டால் நோட்டீஸ் வரலாம்.

சந்தியா_கோவை:
திருத்தவே மாட்டார்கள். என் அண்ணன் ஒரு வருடம் நடையாய் நடந்தார். மாதப் பாக்கிக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ரிட்டர்னில் போட்டுவிடுங்கள்.