பழைய எஸ்21 எஃப்இ: கைரேகை பதியாததற்குக் காரணம் கண்ணாடியா, டிஸ்ப்ளேயா?

நண்பர்களே, ஒரு கேலக்ஸி எஸ்21 எஃப்இ விலைக்கு வந்திருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் கருத்து வேண்டும்.

`*#06#` போட்டு வந்த இரண்டு ஐஎம்இஐயும் பில்லோடு ஒத்துப்போகின்றன. `KYM` என்று அடித்து, இடைவெளி விட்டு எண்ணைச் சேர்த்து 14422க்கு அனுப்பியதில் பிளாக் ஆகவில்லை என்று பதில் வந்தது. கூகுள், சாம்சங் கணக்குகளை விற்பவரே நீக்கி, எதிரிலேயே ரீசெட் செய்தார். திரும்ப ஆன் ஆனபோது பழைய கணக்கைக் கேட்கவில்லை. பேட்டரிக்கு சாம்சங் மெம்பர்ஸ் ஆப் நல்ல நிலை என்கிறது. அதில் சதவீதம் வராது என்பதால் முழுசாக நம்பவில்லை.

சிக்கல் வேறு. `*#0*#` போட்டு `TOUCH` சோதித்தால் எல்லாக் கட்டமும் நிறம் மாறுகிறது. ஆனால் கைரேகை பதியவே மாட்டேன் என்கிறது. கெட்டியான டெம்பர்டு கிளாஸ்தான் காரணம் என்கிறார் விற்பவர். இந்த மாடலில் சென்சார் திரைக்கு அடியில் இருக்கிறது; திரையின் ஒளியில்தான் விரலைப் படிக்கும். மலிவான எல்சிடி பேனல் மாற்றியிருந்தால், பின்னாலுள்ள விளக்கு அடுக்கு மறைத்துவிடும், படிக்காது.

எல்சிடி என்றால் இருட்டில் முழுக் கறுப்புப் படத்தைத் திறந்தாலும் திரை சாம்பலாக ஒளிரும். கடை வெளிச்சத்தில் இதைப் பார்க்க முடியவில்லை. நாளை போர்வைக்குள் வைத்துப் பார்க்கலாம்.

கறுப்பு சரியாக இருந்தும் ரேகை பதியாவிட்டால், கண்ணாடியை உரித்துக் காட்டச் சொல்வதா, வேண்டாமென்று வந்துவிடுவதா? டிஸ்ப்ளே வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.