புதுப்பிப்பு: 5-இல் தொடங்கும் பில்கள்

முன்பு நான் கேட்டது: "தொகைகளின் முதல் இலக்கமாகச் சிறிய இலக்கங்களே அதிகம் வரும் என்கிற பென்ஃபோர்ட் விதிப்படி, 1,840 பில்களில் 5-இல் தொடங்குபவை 146 அளவில்தான் வர வேண்டும், 190 இருக்கின்றன. இட்டுக்கட்டியவையா?"

கடைசி இலக்கத்தைப் பார்த்தால் போதும் என்றார் ஒரு நண்பர். எங்கள் தொகைகள் பெரும்பாலும் முழு நூறுகள் என்பதால் அது உதவவில்லை. இன்னொருவர் தம் அலுவலகப் பெட்ரோல் பில்களைப் பற்றியே எழுதினார். ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர்தான், ஜிஎஸ்டி சேர்ந்த தொகையையா சோதித்தீர்கள் என்று கேட்டார். அதேதான். ஒப்புதல் வரம்பான 50,000 வரிக்கு முந்தைய தொகைக்கு உரியது. 49,500 ரூபாய் பில் 18 சதவீத வரியுடன் 58,410 ஆகி, 5-இன் கீழ் ஒளிந்துகொள்கிறது.

வரியில்லாத் தொகையின் முதல் இரண்டு இலக்கங்களை எடுத்து, அதே விதிப்படி 49-க்கு எதிர்பார்க்கும் எண்ணிக்கையைக் கணக்கிட்டேன் (கிரெடிட் நோட்டுகளை முன்பே நீக்கிவிட்டேன்):

```
=VALUE(LEFT(C2,2))
=1840*LOG10(1+1/49)
```

எதிர்பார்ப்பு 16; இருந்தவை 61. அவற்றில் 24, மாதந்தோறும் வரும் 4,950 ரூபாய்ப் பராமரிப்புக் கட்டணம், அதில் குற்றமில்லை. மீதி 37-இல் 29, ஒரே சப்ளையருடையவை. அடுத்தடுத்த பில் எண்கள், ஒரே தேதி. பொருள் வந்திருக்கிறது என்கிறது கிடங்குப் பதிவேடு. ஆகவே பில்கள் போலியல்ல, ஒரே கொள்முதல் வரம்புக்குக் கீழே உடைக்கப்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். உடைக்கச் சொன்னவர் யார் என்பது இன்னும் தெரியவில்லை.