96 பக்க எனர்ஜி ஆடிட் ரிப்போர்ட்டை 8 ஸ்லைடாகச் சுருக்க வேண்டும், அவசரம்

மீனா_மெயின்டனன்ஸ்
எங்கள் மில்லில் எனர்ஜி ஆடிட் முடிந்து 96 பக்க ரிப்போர்ட் வந்திருக்கிறது. வியாழக்கிழமை மேனேஜ்மென்ட்டிடம் சொல்ல வேண்டும், 8 ஸ்லைடுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். நான் சுருக்கியும் 34 ஸ்லைடு வருகிறது. எதை விடுவது என்றே தெரியவில்லை. யாராவது வழி சொல்லுங்களேன்.

கணினிக்குமார்
படங்களை கம்ப்ரஸ் செய்யுங்கள் மேடம். படத்தின் மேல் கிளிக் செய்தால் Picture Format-இல் Compress Pictures இருக்கும். பாதி அளவாகிவிடும்.

மீனா_மெயின்டனன்ஸ்
ஃபைல் சைஸ் பிரச்சினை இல்லைங்க. விஷயத்தைச் சுருக்க வேண்டும்.

மூத்தவன்66
விவரம் தராமல் கேள்வி கேட்கக் கூடாது என்று இங்கே பல முறை சொல்லியாயிற்று. என்ன மில்? எத்தனை பரிந்துரை? யார் கேட்கப் போகிறார்கள்? பொதுவாகச் சொன்னால் ஒரு அத்தியாயத்துக்கு ஒரு ஸ்லைடு. அடிப்படை இதுதான்.

மீனா_மெயின்டனன்ஸ்
மன்னிக்கவும். ஸ்பின்னிங் மில். 31 பரிந்துரைகள். எம்.டி., அக்கவுன்ட்ஸ் மேனேஜர், மில் மேனேஜர் மூவரும் இருப்பார்கள். நேரம் 20 நிமிடம். அத்தியாயங்கள் 9: டிரான்ஸ்பார்மர், ரிங் ஃபிரேம், ஹியூமிடிஃபிகேஷன், கம்ப்ரஸர், லைட்டிங் என்று போகிறது.

அளவுக்கருவி
அத்தியாயத்துக்கு ஒன்று என்று போனால் சரிவராது. அத்தியாயங்கள் ஆடிட்டர் மில்லைச் சுற்றி வந்த வரிசை. எம்.டி. முடிவெடுக்கும் வரிசை வேறு. ஒன்று மட்டும் சொல்லுங்கள்: மேலே கேட்காமல் மில் மேனேஜர் எவ்வளவு வரை செலவு செய்யலாம்?

மீனா_மெயின்டனன்ஸ்
50,000 வரை அவரே கையெழுத்துப் போடுவார்.

அளவுக்கருவி
அப்படியென்றால் 31-இல் 50,000-க்குள் வருவதை எண்ணுங்கள். அவை எந்த அத்தியாயத்தில் இருந்தாலும் ஒரே ஸ்லைடு. "இவற்றை இந்த மாதமே முடிக்கிறோம்" என்று தகவலாகச் சொன்னால் போதும், அனுமதி கேட்க வேண்டியதில்லை. மீதியில், ஒரே இயந்திரத்தைத் தொடும் பரிந்துரைகளை ஒன்றாகச் சேருங்கள். அதற்குப் பிறகுதான் வெட்டுவது.

மீனா_மெயின்டனன்ஸ்
எண்ணிவிட்டேன், 13 இருக்கிறது! 13 ஸ்லைடு ஒன்றாகிவிட்டது. கம்ப்ரஸருக்கு மட்டும் மூன்று இருக்கிறது: கசிவை அடைத்தால் 20% மிச்சம், பிரஷரை 7 பாரிலிருந்து 6 ஆகக் குறைத்தால் 7%, மோட்டார் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் வி.எஃப்.டி. போட்டால் 15%. கம்ப்ரஸரின் ஆண்டுச் செலவு 6 லட்சம் யூனிட். மூன்றையும் கூட்டி 42%, அதாவது 2,52,000 யூனிட் மிச்சம் என்று ஒரே ஸ்லைடில் போடலாமா?

ஸ்பின்னிங் செந்தில்
கூட்டக் கூடாதுங்க. கசிவை அடைத்த பிறகு செலவே 4,80,000 தான். அடுத்த 7% அதிலிருந்துதான் குறையும், 4,46,400 வரும். அதில் 15% போனால் 3,79,440. ஆக மொத்த மிச்சம் 2,20,560. நீங்கள் 31,440 யூனிட் கூடுதலாகச் சொல்லப் பார்த்தீர்கள். தனித்தனி ஸ்லைடாக இருந்தவரை இது கண்ணில் படாது, சேர்க்கும்போதுதான் தெரியும்.

அளவுக்கருவி
செந்தில் சொல்வது பாதி சரி. கசிவுக்கும் பிரஷருக்கும் அந்தக் கணக்குப் போதும். வி.எஃப்.டி.க்கு அந்த 15% என்பதே மாறிவிடும். கசிவு அடைபட்டால் கம்ப்ரஸர் அன்லோடில் அதிக நேரம் ஓடும். காற்றே தராமல் சும்மா சுற்றும்போதும் ஸ்க்ரூ கம்ப்ரஸர் முழு லோடில் இழுப்பதில் கால் பங்குக்குக் குறையாமல் இழுக்கும். வி.எஃப்.டி. மிச்சப்படுத்துவது அதைத்தான், அதனால் சதவீதம் ஏறலாம். மாறாக, இரண்டு கம்ப்ரஸர் ஓடும் இடத்தில் கசிவு நின்று ஒன்றை நிறுத்தவே முடிந்தால், வி.எஃப்.டி. தேவைப்படாமலும் போகலாம்.

அதனால் ஸ்லைடில் முதல் இரண்டை மட்டும் போடுங்கள்: 1,53,600 யூனிட். வி.எஃப்.டி.யை "கசிவை அடைத்து, மறுபடி அளந்த பிறகு முடிவு" என்று ஒரு வரியில் தள்ளி வையுங்கள். மில் ஓடாத ஒரு லீவு நாளில் கம்ப்ரஸரை மட்டும் ஓட்டி, எத்தனை நிமிடம் லோடு, எத்தனை நிமிடம் அன்லோடு என்று குறித்துக்கொண்டால் போதும். யாரும் காற்றை உபயோகிக்காதபோது அது லோடில் இருக்கும் நேரமெல்லாம் கசிவுக்காக ஓடுவதுதான்.

சாயப்பட்டறை சுகந்தி
என் அனுபவம் ஒன்று. எங்கள் பாய்லர் ஆடிட்டைச் சுருக்கியபோது "அளவிட்ட முறை" அத்தியாயத்தை முழுசாகத் தூக்கிவிட்டேன். முதல் கேள்வியே "எந்த மாதம் அளந்தார்கள்?" என்பதுதான். ஆர்டர் குறைந்திருந்த மாதம். என்னிடம் பதில் இல்லை, கூட்டம் அங்கேயே நின்றுவிட்டது. எந்தத் தேதிகளில் அளந்தது, யூனிட் என்ன விலை என்று வைத்தது, இந்த இரண்டை மட்டும் முதல் ஸ்லைடின் அடியில் ஒரு வரியாக வையுங்கள்.

தலைப்பையும் "கம்ப்ரஸர்" என்று விடாமல், "கசிவை அடைத்து பிரஷரைக் குறைத்தால் ஆண்டுக்கு 1,53,600 யூனிட் மிச்சம்" என்று முழு வாக்கியமாக எழுதுங்கள்.

மூத்தவன்66
முழு வாக்கியத்தை எழுதி வைத்தால் பேசுபவர் எதற்கு? ஸ்லைடு என்பது பேச்சுக்குத் துணை. ஒரு சொல், ஒரு எண், போதும்.

சாயப்பட்டறை சுகந்தி
ஐயா, கூட்டம் முடிந்ததும் அந்த ஃபைல் வாட்ஸ்ஆப்பில் பங்குதாரருக்கும் பேங்க்குக்கும் போகிறது. அங்கே பேச மீனா இருக்க மாட்டார்.

மூத்தவன்66
அவர்களுக்கு 96 பக்கத்தையே அனுப்பட்டும். இரண்டு வேலைக்கும் ஒரே ஃபைல் செய்பவர்கள் இரண்டையும் கெடுப்பார்கள்.

ஸ்பின்னிங் செந்தில்
இதில் நான் சுகந்தி அக்கா பக்கம். எங்கள் எம்.டி. தலைப்பை மட்டும்தான் படிப்பார்.

அளவுக்கருவி
தலைப்புச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். மீனா, வெட்டும்போது எதை வைத்து வரிசைப்படுத்துகிறீர்கள்? ரிப்போர்ட்டில் தெர்மல் கேமரா படங்கள் இருக்கிறதா?

மீனா_மெயின்டனன்ஸ்
ஆண்டு மிச்சத்தை வைத்து, பெரியதிலிருந்து சிறியது. தெர்மல் படங்கள் 71-ஆம் பக்கம் இருக்கிறது. கெப்பாசிட்டர் பேனலில் ஒரு ஜாயின்ட் 94 டிகிரி என்று போட்டிருக்கிறது. மிச்சம் 0 ரூபாய் என்பதால் அதை முதலிலேயே எடுத்துவிட்டேன்.

அளவுக்கருவி
பக்கத்து இரண்டு ஃபேஸ்களும் எவ்வளவு?

மீனா_மெயின்டனன்ஸ்
52, 50.

அளவுக்கருவி
மூன்றும் ஒரே மாதிரி சூடாக இருந்தால் லோடு அதிகம் என்று நினைக்கலாம். ஒன்று மட்டும் 40 டிகிரிக்கு மேல் தனித்து நின்றால் அந்த ஜாயின்ட்தான் கெட்டிருக்கிறது, பெரும்பாலும் லூஸ் கனெக்‌ஷன். பஞ்சு பறக்கிற இடத்தில் அது தீ. வியாழன் வரை காத்திருக்க வேண்டாம். இன்றே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, சப்ளையை நிறுத்தி, கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆன பிறகு திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ரூபாயை வைத்து மட்டும் வரிசைப்படுத்தினால் இப்படிப்பட்டவைதான் முதலில் வெளியே போகும். அதனால் வெட்டுவதற்கு முன் 31-ஐயும் இன்னொரு தடவை, "இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்" என்று மட்டும் கேட்டுப் படியுங்கள். கடைசியாக வெட்டியதையும் வீசிவிடாதீர்கள். பரிந்துரை பெயர், ரிப்போர்ட் பக்க எண், விட்ட காரணம் மூன்று சொல்லில். ஒரு தனித் தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள்.

ஸ்பின்னிங் செந்தில்
அண்ணா, ஹியூமிடிஃபிகேஷன் ஃபேனுக்கும் இப்படித்தானே? எஃப்.ஆர்.பி. இம்பெல்லர், வி.எஃப்.டி. இரண்டையும் தனித்தனியாகப் போட்டிருப்பார்களே?

அளவுக்கருவி
அதே கதைதான். அது இன்னும் சிக்கல், மழைக்காலத்தில் ஓடும் வேகம் வேறு. தனி இழை போடுங்கள், பேசுவோம்.

மீனா_மெயின்டனன்ஸ் (வெள்ளிக்கிழமை)
ஜாயின்ட்டைத் திறந்தபோது லக் கருத்துப்போயிருந்தது, அன்றே மாற்றிவிட்டோம். 7 ஸ்லைடில் முடிந்தது. கசிவு வேலைக்கு ஓகே, ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். அக்கவுன்ட்ஸ் மேனேஜர் தனித் தாளில் இருந்து இரண்டு கேள்வி கேட்டார், பக்க எண் இருந்ததால் உடனே எடுத்துக் காட்ட முடிந்தது. எல்லோருக்கும் நன்றி.

மூத்தவன்66
தலைப்பு எப்படி வைத்தீர்கள்?

ஸ்பின்னிங் செந்தில்
ஞாயிறு டெஸ்டில் லோடு நேரம் எவ்வளவு வந்தது என்று மறக்காமல் போடுங்க மேடம்.