ஸ்லைடில் ஒரு எண், நோட்ஸில் வேறு எண்: சுருக்கத்தில் எதைப் போடுவது?

செல்வி: காலாண்டுக் கூட்டத்துக்கான பிபிடியை ஒரு பக்கமாகச் சுருக்கித் தரச் சொல்லியிருக்கிறார்கள். தயாரித்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இரண்டு இடத்தில் இடிக்கிறது. 9-வது ஸ்லைடில் திரும்பி வந்த சரக்கு 4.2%, நோட்ஸில் 6.8%. 21-வது ஸ்லைடில் புதுக் கிடங்கு மே 15 திறப்பு. நோட்ஸில், "மே 15 என்று போட்டிருக்கிறோம், ஆனால் மின் இணைப்பு வரவில்லை, ஜூன் முதல் வாரம்தான்." எதை எடுப்பது?

ரகு: ஸ்லைடுதான். கூட்டத்தில் எல்லோரும் பார்த்தது அதைத்தானே. நோட்ஸ் பேசுபவரின் சொந்தக் குறிப்பு, விட்டுவிடுங்கள்.

முத்துக்குமார்: 9-க்கு ரகு சொல்வது பொருந்தலாம், 21-க்குப் பொருந்தாது. செல்வி, 9-இல் அனுப்பிய எண்ணிக்கை இருக்கிறதா? சார்ட்டில் வலது கிளிக் செய்து Edit Data பாருங்கள்.

செல்வி: இருக்கிறது சார். அனுப்பியது 12,500, திரும்பியது 525.

முத்துக்குமார்: 525-ஐ 12,500-ஆல் வகுத்தால் 4.2%. ஸ்லைடு தன் கணக்கோடு ஒத்துப்போகிறது. 6.8% வர 850 திரும்பியிருக்க வேண்டும். போன காலாண்டு பிபிடியைத் திறந்து பாருங்கள், அங்கே 6.8 இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்லைடை டூப்ளிகேட் செய்தால் நோட்ஸும் கூடவே வந்துவிடும். மேலே எண்ணை மாற்றுவார்கள், கீழே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

21 வேறு மாதிரி. அந்த நோட்ஸுக்கு ஸ்லைடில் என்ன இருக்கிறது என்று தெரியும். "மே 15 என்று போட்டிருக்கிறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் காரணத்தோடு மறுக்கிறது. ஸ்லைடுக்குப் பிறகு, தெரிந்தே எழுதியது. 9-இன் நோட்ஸுக்கு 4.2 என்ற எண்ணே தெரியாது. நான் முதலில் பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

பிரியா: எனக்கு வந்த பிடிஎஃப்பில் நோட்ஸே இல்லையே, எங்கே தேடுவது?

முத்துக்குமார்: அது வேறு சிக்கல் அம்மா. பிடிஎஃப் எடுக்கும்போது Options-இல் Notes pages தேர்ந்தெடுக்காவிட்டால் நோட்ஸ் வராது, அனுப்பியவரிடம் பிபிடியைக் கேளுங்கள். செல்வி, மற்ற ஸ்லைடுகளையும் ஒப்பிட File > Export > Create Handouts போய் Notes next to slides கொடுங்கள். வேர்டில் இரண்டும் அருகருகே வரும். எண், தேதி, "இல்லை", "தள்ளி" மாதிரியான சொற்களை மட்டும் ஓட்டிப் பார்த்தால் போதும்.

செல்வி: போன காலாண்டில் 6.8 தான் சார்! 9-க்கு 4.2 போட்டுவிட்டேன். 21-க்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "ஸ்லைடின்படி திறப்பு மே 15, பேச்சாளர் குறிப்பில் ஜூன் முதல் வாரம் என உள்ளது, உறுதிசெய்ய வேண்டும்."

ரகு: இந்தச் சுருக்கம் வாடிக்கையாளருக்கும் போகுமா? போனால் மின் இணைப்பு விஷயம் வெளியே வரும். வேண்டுமென்றே ஸ்லைடில் போடாமல் விட்டிருக்கலாம்.

முத்துக்குமார்: அது நியாயமான கேள்வி. ஆனால் தெரிந்துகொண்டே மே 15 என்று மட்டும் எழுத எனக்கு மனம் வராது. தேதியையே விட்டு "விரைவில் திறப்பு" என்று போடலாம். கிடங்குப் பொறுப்பாளரிடம் ஒரு போன் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

செல்வி: வாடிக்கையாளருக்குப் போகுமா என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.