17.2 வரைந்தேன், 16.7 வந்தது: காஸ்டிங் அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை
தெற்காவணி மூல வீதியில் ஒரு பத்தருக்குக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்த மோதிரம். 14 நம்பர், உள்விட்டம் 17.2 மி.மீ., நடுவில் 6 மி.மீ. வட்டக் கெம்பு, நான்கு கொக்கி. வார்த்து வந்ததை வெர்னியரில் பார்த்தால் 16.7. ரப்பர் மோல்டு எடுத்து, மெழுகு ஊற்றித்தான் வார்த்திருக்கிறார்கள். அதை முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. வளையத்தையாவது இழுத்துச் சரிசெய்யலாம். கல் பதிக்கிறவர் கெம்பை வைத்து விரல் நுனியால் தொட்டதும், அது உள்ளே இறங்காமல் கொக்கிகள் மேலேயே நின்று ஒரு பக்கம் சாய்ந்தது. 5.8 இடத்தில் 6 எப்படி இறங்கும்? பர் போட்டுக் குடைந்ததில் ஒரு கொக்கி பாதியாக மெலிந்துவிட்டது. அந்தக் கல் கழன்று விழுமோ என்று இன்றும் பயமாக இருக்கிறது.

கே.புதூர் தம்பி
ரொம்பச் சுலபம் அண்ணே. மொத்த மாடலையும் 3 சதவீதம் பெரிதாக்கி அனுப்புங்கள். எனக்கு எப்போதும் சரியாக வருகிறது.

பழைய பட்டறை
தம்பி, உனக்குச் சரியாக வருவது உன் காஸ்டிங்காரர் ரப்பர் மோல்டு எடுப்பதால். மோல்டே இல்லாமல், பிரிண்ட் எடுத்த ரெசினையே நேராக வார்க்கிறவரிடம் சுருக்கம் பாதிதான் இருக்கும். 17.2-ஐ 17.7 ஆக்கி அவரிடம் கொடுத்தால் மோதிரம் 17.4-க்கு மேல் நிற்கும், கிட்டத்தட்ட முக்கால் நம்பர் பெரிது. அதனால் சதவீதத்தை யாரிடமும் கேட்காதீர்கள். ஒரு வெற்று வளையத்தை அதே உலோகத்தில், அதே வழியில் வார்க்கச் சொல்லி, மெருகு போடும் முன்பே அளந்து பாருங்கள். வந்த அளவை வரைந்த அளவால் வகுத்தால் 0.97 என்றோ 0.985 என்றோ வரும். வேண்டிய அளவை அதால் வகுத்து வரைய வேண்டும்.

இன்னொன்று, மெருகு. அது சுருக்கத்தோடு சேராத தனிக் கணக்கு. அரம் போட்டு மெருகேற்றினால் உள்விட்டம் 0.1, 0.2 கூடும், கொக்கி மெலியும். கொக்கியை எப்போதும் கொஞ்சம் தடிமனாகவே விடுங்கள். கல்லையும் வெர்னியரில் அளக்காமல் வரையாதீர்கள். 6 என்று கொடுக்கிற கெம்பு ஒரு பக்கம் 6.1, மறுபக்கம் 5.9 இருக்கும்.

மேலூர் அக்கா
யூனிட் பார்த்தீர்களா? எனக்கு ஒரு தடவை பிரிண்டர் சாஃப்ட்வேரில் மோதிரம் புள்ளி மாதிரித் தெரிந்தது. பிளெண்டரில் மீட்டரில் இருந்திருக்கிறது. STL ஃபைலில் மி.மீ. என்றே எழுதியிருக்காது, வெறும் எண்தான்.

வைகைக்கரை
அது இல்லை அக்கா, யூனிட் தப்பென்றால் ஆயிரம் மடங்கு மாறும், 3 சதவீதம் மாறாது. பட்டறை அண்ணே, வெற்று வளையத்தில் எடுத்த சுருக்கம், கனமான கல் இருக்கைக்கும் அப்படியே பொருந்துமா?

பழைய பட்டறை
வளையத்துக்குப் பொருந்தும். இருக்கைக்குக் கொஞ்சம் மாறுகிற மாதிரிதான் எனக்குப் படுகிறது. நான் இருக்கையைச் சற்றுச் சிறிதாகவே வரைந்து, கொக்கியில் கனம் விட்டு, கடைசி அளவைப் பர் போடுகிறவர் கையில் விட்டுவிடுவேன்.

கே.புதூர் தம்பி
அப்படியென்றால் துல்லியமாக வரைந்து என்ன பயன்? எனக்கு இது ஒத்துவரவில்லை அண்ணே.